ரத்தான ஆர்டர் வீடு தேடி வருவது ஏன்?

இணையக் கடையில் ஒரு மிக்ஸிக்கு ஆர்டர் போடுகிறோம். மனம் மாறி மறுநாள் காலை ரத்து செய்கிறோம். ‘உங்கள் ஆர்டர் ரத்தானது’ என்று குறுஞ்செய்தி வருகிறது, பணமும் கணக்குக்குத் திரும்புகிறது. இரண்டு நாள் கழித்து மிக்ஸி வாசலில் வந்து நிற்கிறது. கடைக்குப் போன் போட்டால், “கிடங்கில் யாரோ கவனிக்காமல் அனுப்பிட்டாங்க சார்” என்கிறார்கள். பல நேரம் அந்தப் பழி தவறான ஆள் மேல் விழுகிறது. கிடங்கு ஊழியர் கவனமாகத்தான் இருந்திருப்பார். கோளாறு மென்பொருளில் இருக்கும்.

ஒவ்வொரு ஆர்டருக்கும் ஒரு நிலை உண்டு: பதிவானது, பேக் ஆனது, அனுப்பியாயிற்று, ரத்து. ரத்தானதை அனுப்பக் கூடாது என்பது எல்லோருக்கும் தெரிந்த விதி. அந்த விதியை மென்பொருளில் எங்கே எழுதியிருக்கிறார்கள் என்பதுதான் கேள்வி. நிறைய இடங்களில் அதைத் திரையில் மட்டும் எழுதிவிடுகிறார்கள். ஆர்டர் ரத்தாகியிருந்தால் ‘அனுப்பு’ பட்டன் தெரியாது, அவ்வளவுதான். சோதித்துப் பார்ப்பவர் ரத்தான ஆர்டரைத் திறக்கிறார், பட்டன் இல்லை, திருப்தியாகப் போய்விடுகிறார்.

இப்போது 4127-ஆம் எண் ஆர்டரை எடுத்துக்கொள்வோம். காலை 10.40-க்குக் கிடங்கு ஊழியர் அன்றைய பட்டியலைத் திறக்கிறார். 4127 ‘பேக் ஆனது’ என்றிருக்கிறது, பக்கத்தில் ‘அனுப்பு’ பட்டன். 11 மணிக்கு வாடிக்கையாளர் ரத்து செய்கிறார். சர்வரில் நிலை மாறிவிட்டது, பணம் திரும்பத் தொடங்கிவிட்டது. ஆனால் கிடங்குத் திரை 10.40-க்கு எடுத்த போட்டோ போன்றது; அதில் பட்டன் அப்படியே இருக்கிறது. 11.10-க்கு அவர் அதை அழுத்துகிறார். சர்வரில் ஓடுவது இது:

```
UPDATE orders SET status = 'SHIPPED'
WHERE id = 4127;
```

4127-இன் நிலையை ‘அனுப்பியாயிற்று’ என்று மாற்று என்பது இதன் பொருள். இப்போது என்ன நிலையில் இருக்கிறது என்று சர்வர் கேட்கவே இல்லை. ரத்து என்ற பதிவின் மேலேயே புதிய நிலை எழுதப்பட்டுவிடுகிறது. அதனால்தான் வாடிக்கையாளர் சேவையில் இருப்பவர், “எங்க சிஸ்டத்துல ரத்துன்னே காட்டலையே” என்கிறார். அவர் பொய் சொல்லவில்லை.

திரையை நிமிடத்துக்கு ஒருமுறை தானாகப் புதுப்பித்தால் போதாதா என்று கேட்கலாம். போதாது, அந்த ஒரு நிமிடம் மிச்சம் இருக்கிறது. தவிர, சர்வருக்குப் போக அந்தத் திரை ஒன்றுதான் வழியா? கை ஸ்கேனர், அப்டேட் செய்யாத பழைய ஆப், மொத்தமாக ஏற்றும் எக்ஸெல் கோப்பு என்று பல வழிகள் உண்டு. மறைத்து வைத்த பட்டன் இவற்றில் எதையும் தடுக்காது.

தீர்வு ஒரே ஒரு நிபந்தனை:

```
UPDATE orders SET status = 'SHIPPED'
WHERE id = 4127 AND status = 'PACKED';
```

பேக் ஆன நிலையில் இருந்தால் மட்டும் மாற்று. ரத்தாகியிருந்தால் ஒரு வரிசைகூட மாறாது. எத்தனை வரிசை மாறியது என்பதை டேட்டாபேஸ் சொல்லும். பூஜ்யம் என்றால் சர்வர் மறுத்துவிட வேண்டும். திரையில் ‘இந்த ஆர்டர் ரத்தாகிவிட்டது, பெட்டியைத் தனியே வையுங்கள்’ என்று வர வேண்டும். முதலில் நிலையைப் படித்துவிட்டுப் பிறகு தனியாக எழுதுவது இதற்கு ஈடாகாது. படிப்பதற்கும் எழுதுவதற்கும் நடுவில் ரத்து நுழைந்துவிடலாம். சரிபார்ப்பும் மாற்றமும் ஒரே கட்டளையில் நடக்க வேண்டும்.

ரத்துக்கும் இதே காவல் தேவை. பொருள் கிளம்பிய பிறகு வரும் ரத்தைச் சர்வர் ஏற்கக் கூடாது. ரத்து உறுதியான பிறகே பணத்தை விடுவிக்க வேண்டும். இல்லையென்றால் பொருளும் போகும், பணமும் போகும்.

இதற்கும் ஓர் எல்லை உண்டு. கூரியர் லேபிளை முன்பே அச்சடித்து, பெட்டியை மூட்டையில் போட்டுவிட்டுப் பிறகு பட்டனை அழுத்தும் பழக்கம் இருந்தால், சர்வரின் மறுப்பு பெட்டியை நிறுத்தாது. சர்வர் சம்மதித்த பிறகே லேபிள் அச்சாக வேண்டும்.

உங்களுக்கு இணையக் கடை இருந்தால், பணம் திரும்பிய நேரத்துக்குப் பிறகு அனுப்பப்பட்ட ஆர்டர்கள் உண்டா என்று கணக்கில் தேடுங்கள். பிறகு ஒரு சோதனை ஆர்டரை இரண்டு டேப்களில் திறந்து, ஒன்றில் ரத்து செய்துவிட்டு, மற்றதை ரீஃப்ரெஷ் செய்யாமல் ‘அனுப்பு’ பட்டனை அழுத்துங்கள். ‘அனுப்பியாயிற்று’ என்று வந்தால், கிடங்கு ஊழியரைத் திட்டாதீர்கள். மென்பொருள் செய்து கொடுத்தவரைக் கூப்பிடுங்கள்.