‘சின்ன வேலைதானே தம்பி!’

சொந்தமாக வெப்சைட் வடிவமைத்துத் தரும் தம்பி ஒருவருக்கு ஈரோட்டில் ஒரு ஜவுளிக்கடை வேலை கிடைத்தது. ஐந்து பக்கங்கள், இரண்டு முறை திருத்தம், 25 நாள், 40,000 ரூபாய், பாதி முன்பணம் என்று கொட்டேஷனில் தெளிவாகவே எழுதியிருந்தார். பதினைந்தாம் நாள் கடைக்காரர் வாட்ஸ்அப்பில் கேட்டார்: “தம்பி, அப்படியே ஆன்லைன்ல சேலை வாங்குற மாதிரியும் வெச்சுருங்க. சின்ன வேலைதானே!”

தம்பியின் பதில்: “சரிங்ணா, பாத்துக்கலாங்ணா.”

‘யோசித்துச் சொல்கிறேன்’ என்றுதான் அவர் நினைத்தார். அண்ணனோ ‘ஆகிவிடும்’ என்று எடுத்துக்கொண்டார். முகத்துக்கு நேரே இல்லையென்று சொல்லக் கூச்சப்பட்டு நாம் சொல்லும் சொல் அது. நேரில் என்றால் இழுக்கும் குரலில் தயக்கம் தெரிந்துவிடும். வாட்ஸ்அப்பில் ‘சரி’ மட்டும்தான் மிஞ்சும்.

கேட்டது சின்ன வேலையும் இல்லை. ஒவ்வொரு சேலைக்கும் படமும் விலையும் ஏற்ற வேண்டும். பணம் வாங்கும் வசதிக்குக் கடைக்காரரின் பான், வங்கி ஆவணங்கள் சரிபார்க்கப்பட வேண்டும். டெலிவரி கட்டணம், சேலையைத் திருப்பித் தந்தால் என்ன செய்வது என்ற விதிமுறைப் பக்கம், கடைசியில் சோதனை ஆர்டர்கள். பேசியது கடைக்கு ஒரு பெயர்ப்பலகை. இது இன்னொரு கடையையே திறக்கும் வேலை.

மறுநாள் காலை தம்பி ஒரு பதிலை எழுதிக்கொண்டு வந்து காட்டினார்: “மன்னிக்கணும்ணா, இதுக்குக் கொஞ்சம் கூட ஆகும். நீங்க பாத்துப் போட்டுக் கொடுங்க.” இதுவும் சரியில்லை. மன்னிப்பு கேட்டதுமே கூலி கேட்பது தப்பு என்றாகிவிடுகிறது. ‘பாத்துப் போட்டுக் கொடுங்க’ என்றால் விலை வைக்கும் உரிமை எதிராளியிடம் போய்விடுகிறது. உட்கார்ந்து மாற்றி எழுதினோம்:

“வணக்கம்ணா. நேத்து பாத்துக்கலாம்னு சொன்னேன். கணக்குப் போட்டுப் பாத்தேன். நம்ம கொட்டேஷன்ல இருக்கறது ஐந்து பக்க வெப்சைட், விற்பனை வசதி அதுல சேரலை. அதையும் சேர்க்க 18,000 ரூபாய், கூடுதலா 10 நாள் ஆகும். இல்லைன்னா, பேசுன ஐந்து பக்கத்தைச் சொன்ன தேதியில முடிச்சுட்டு, அடுத்த மாசம் இதைத் தனி வேலையா எடுத்துக்கலாம். எது வேணும்னு ஒரு வரி அனுப்புங்க. அதுவரைக்கும் பழைய திட்டப்படியே வேலை போகும்ணா.”

‘அண்ணா’ அப்படியேதான் இருக்கிறது, மரியாதை குறையவில்லை. ‘முடியாது’ என்ற சொல்லும் இல்லை. உறுதியைத் தருவது கொட்டேஷனைச் சுட்டும் வரியும், தொகையும், நாள் கணக்கும். கடைசி வாக்கியத்தைத்தான் நான் மிக முக்கியமாக நினைக்கிறேன். பதில் வராவிட்டாலும் வேலை நிற்காது. மௌனம் சம்மதமாகவும் ஆகாது. வெறும் கட்டைவிரல் படம் பதிலாக வந்தால் வேலையைத் தொடங்கக் கூடாது. இரண்டில் எதற்கு அந்த விரல் என்று தெரியாதே!

இதற்குச் சட்டத்தின் துணையும் உண்டு. 1872-ஆம் ஆண்டின் இந்திய ஒப்பந்தச் சட்டம், 70-ஆவது பிரிவின்படி, இலவசமாகச் செய்யும் எண்ணமில்லாமல் ஒருவர் சட்டப்படி செய்த வேலையின் பலனை மற்றவர் அனுபவித்தால், அதற்கு ஈடு தர வேண்டும். ‘அதெல்லாம் ஒண்ணும் வேண்டாங்ணா, செஞ்சுடறேன்’ என்று பெருந்தன்மையாக எழுதிவிட்டால் அந்த வாதம் அங்கேயே பலவீனமாகிவிடும். 18,000 ரூபாய்க்கு யாரும் கோர்ட்டுக்குப் போகப்போவதில்லை. ஆனால் பாக்கிப் பணம் கேட்கும் நாளில் எழுதிய வரி இருந்தால் பேச்சு நீளாது.

உறவுக்காகச் சில்லறை வேலைகளைச் சும்மா செய்து தருவதில் தவறில்லை. அதையும் எழுதிவிட வேண்டும்: “போன் நம்பர் மாத்தினது மூணாவது திருத்தம்ணா. இந்த ஒரு தடவை கட்டணம் இல்லாம செஞ்சிருக்கேன்.” எழுதாமல் செய்தால் நான்காவதும் ஐந்தாவதும் வரும்.

இந்த முறைக்கு எல்லையும் உண்டு. கொட்டேஷனில் ‘வெப்சைட் - 40,000’ என்று மட்டும் இருந்திருந்தால், சுட்டிக்காட்ட வரியே இருந்திருக்காது. முதலில் வேலைப் பட்டியலை எழுதி அனுப்பி ஒப்புதல் வாங்கிய பிறகே கூடுதல் பற்றிப் பேச முடியும். அதேபோல், நாம் செய்த பக்கத்தில் ஒரு பட்டன் வேலை செய்யாவிட்டால் அது நம் பிழை. அதற்குக் காசு கேட்கக் கூடாது.

கடைக்காரர் எழுதவில்லை, போன் செய்தார். “என்ன தம்பி, இவ்வளவு சொல்றீங்க?” என்று கொஞ்சம் வருத்தப்பட்டார், பிறகு அடுத்த மாதமே பார்க்கலாம் என்றார். போனை வைத்த கையோடு தம்பி தட்டச்சு செய்தார்: “இப்ப போன்ல பேசினபடி, ஐந்து பக்கத்தை 25-ஆம் நாள் முடிச்சுக் கொடுத்துடறேன். விற்பனை வசதி அடுத்த மாசம் தனி வேலை, 18,000 ரூபாய். சரிதானுங்ணா?”

“சரி தம்பி” என்று வந்தது.