மணத்தைச் சொல்லுங்கள், மருந்தைச் சொல்லாதீர்கள்

‘மதுரை மல்லியின் தெய்வீக நறுமணம் வீடெங்கும் நிறையும். மன அழுத்தம் பறந்துபோகும். காற்றில் உள்ள கிருமிகள் அழியும். ஆழ்ந்த உறக்கம் வரும். நூறு சதவீதம் இயற்கை!’

வாசனை மெழுகுவத்தியை இணையத்தில் விற்பவர்கள் பொருளின் படத்துக்குக் கீழே எழுதும் குறிப்பு பெரும்பாலும் இந்தச் சாயலில்தான் இருக்கிறது. எழுதுபவருக்கு ஏமாற்றும் எண்ணம் இருக்காது. கடையில் என்றால் மூடியைத் திறந்து மூக்கருகே நீட்டலாம். கைபேசித் திரையில் அது முடியாது. மூக்கு செய்ய வேண்டிய வேலையைச் சொல் செய்ய வேண்டியிருப்பதால், சொல்லுக்குக் கொஞ்சம் கூடுதலாகவே எண்ணெய் ஊற்றிவிடுகிறோம். ஆனால் மேலே உள்ள ஐந்து வாக்கியங்களையும் படித்த பிறகு, அந்த மெழுகுவத்தி எப்படி மணக்கும் என்று ஒருவருக்கும் தெரிந்திருக்காது.

மிகையைக் கண்டுபிடிக்கத் தமிழில் ஒரு சுலபமான வழி உண்டு. நம் வாக்கியத்தில் வினை கடைசியில் வரும். அந்தக் கடைசிச் சொல்லை மட்டும் பாருங்கள். ‘மணக்கும்’, ‘வீசும்’, ‘தங்கும்’, ‘அடங்கும்’ என்று முடிந்தால் அது பொருளைப் பற்றிய பேச்சு. ‘போக்கும்’, ‘தீர்க்கும்’, ‘அழிக்கும்’, ‘விரட்டும்’ என்று முடிந்தால் அது வாங்குபவரின் உடலையும் வீட்டையும் பற்றிய வாக்குறுதி. முதல் வகைக்கு உங்கள் மூக்கே சாட்சி. இரண்டாம் வகைக்கு ஆய்வுக்கூடச் சான்று வேண்டும்.

மல்லிகை மணமுள்ள சோயா மெழுகுவத்தி ஒன்றையே எடுத்துக்கொண்டு, குறிப்பை முதலிலிருந்து எழுதிப் பார்ப்போம். கண்ணாடிக் குவளையில் மெழுகும் வாசனை எண்ணெயும் சேர்த்து 180 கிராம் இருப்பதாக வைத்துக்கொள்வோம்.

எழுதுவதற்கு முன் முகர வேண்டும். ஊற்றிய மறுநாளே முகர்ந்து எழுதினால் தவறிப்போகும். வாசனை எண்ணெய் சோயா மெழுகோடு நன்றாகச் சேர ஒரு வாரம் முதல் இரண்டு வாரம் வரை ஆகும். அதன் பிறகு மூன்று கட்டங்களில் முகர்ந்து, ஒவ்வொன்றையும் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். மூடியைத் திறந்ததும் வருவது ஒன்று. ஏற்றி அரை மணி கழித்து, மேற்பரப்பில் மெழுகு உருகித் தேங்கியதும் வருவது இன்னொன்று. அணைத்த பிறகு அறையில் மிஞ்சுவது மூன்றாவது. எலுமிச்சை, ஆரஞ்சு போன்ற மணங்கள் சீக்கிரம் ஆவியாகும் என்பதால் முதலில் மூக்கில் படும். சந்தனம், வெட்டிவேர் போன்றவை மெதுவாக எழுந்து நெடுநேரம் நிற்கும். ஒரே மெழுகுவத்தி மூன்று வேளையில் மூன்று விதமாக மணப்பது இதனால்தான்.

கூடவே ஒரு சிக்கல். ஒரு மணத்தில் சில நிமிடம் இருந்தாலே மூக்கு அதற்குப் பழகி, அது இருப்பதையே மறந்துவிடும். நாள் முழுவதும் மெழுகு ஊற்றுபவர் ‘மணம் போதவில்லை’ என்று எண்ணெயைக் கூட்டுவதும், அறைக்குள்ளேயே உட்கார்ந்து ‘மென்மையான மணம்’ என்று எழுதுவதும் இப்படித்தான் நடக்கிறது. அறையை விட்டு வெளியே போய், கால் மணி நேரம் கழித்து உள்ளே வந்து முகருங்கள். இது மல்லிகை என்று சொல்லாமல் வீட்டில் இருவரிடம் கொடுத்து, ‘எது ஞாபகத்துக்கு வருது?’ என்று கேளுங்கள். ‘சோப்பு மாதிரி இருக்கு’ என்று இருவருமே சொன்னால், அதுதான் உண்மையான விவரம். மனம் நோகாமல் குறித்துக்கொள்ள வேண்டியதும் அதுதான்.

அடுத்தது சொல். ‘தெய்வீக’, ‘அற்புத’, ‘மனம் மயக்கும்’ ஆகியவற்றை ரோஜாவுக்கும் போடலாம், காப்பிக்கும் போடலாம். எந்த மெழுகுவத்திக்கும் பொருந்தும் சொல் இந்த மெழுகுவத்தியைப் பற்றி எதுவும் சொல்லவில்லை. ‘மல்லிகை’ என்பதுகூடப் போதாது. எந்த மல்லிகை? காலையில் பறித்த மொட்டின் மணத்தில் ஒரு பச்சை வாடை இருக்கும். இரவில் தலையில் விரிந்த பூவின் மணம் கனமானது, தித்திப்பானது. மறுநாள் வாடிய சரத்தில் ஒரு புளித்த நெடி ஏறியிருக்கும். விரிந்த பூவின் அந்தக் கனத்துக்கு ஒரு காரணம், மல்லிகையில் சிறிதளவு இருக்கும் இண்டோல் என்ற பொருள். தனியாக, அடர்த்தியாக முகர்ந்தால் அது முகம் சுளிக்க வைக்கும். பூவில் சிறு அளவில் இருக்கும்போதுதான் அழகு. செயற்கை மல்லிகை மணங்கள் பலவற்றில் இதைக் குறைத்து, சோப்பு போன்ற தூய்மையான வாசனையாக ஆக்கிவிடுவார்கள். ஆகவே ‘விரிந்த மல்லிகையின் கனம் இல்லை, குளித்து முடித்த சோப்பு வாசனையோடு கலந்த மொட்டு மணம்’ என்று எழுதினால், தலைவலிக்குப் பயந்து மல்லிகையை ஒதுக்குபவரும் வாங்க யோசிப்பார், இரவு மல்லியைத் தேடுபவர் ஏமாறாமல் தப்பிப்பார்.

‘மதுரை மல்லி’ என்ற பெயரில் இன்னும் ஒரு படி கவனம் வேண்டும். 2013-இல் புவிசார் குறியீடு பெற்ற பூ அது. மல்லிகையின் சாற்றை எடுக்கக் கரைப்பான் முறை தேவை. ஒரு கிலோ சாற்றுக்கு நூற்றுக்கணக்கான கிலோ பூ செலவாகும். சில நூறு ரூபாய் மெழுகுவத்தியில் இருப்பது பெரும்பாலும் கலவை வாசனை எண்ணெய்தான். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. ‘மல்லிகை மணமுள்ள வாசனை எண்ணெய்’ என்று எழுதினால் போதும்; பூவிலிருந்து எடுத்தது என்ற தோற்றம் தரும் சொற்களையும் ‘நூறு சதவீதம் இயற்கை’யையும் விட்டுவிட வேண்டும். ‘இயற்கை’, ‘சுத்தம்’ போன்ற பொத்தாம்பொதுவான சொற்களை விளக்கமும் ஆதாரமும் இல்லாமல் சுற்றுச்சூழல் பெருமையாகப் போடக் கூடாது என்று மத்திய அரசின் 2024 வழிகாட்டு நெறிமுறைகளும் சொல்கின்றன.

‘வீடெங்கும் நிறையும்’ என்பதை அளந்து பார்த்துவிடலாம். பத்துக்குப் பத்து அறையில் கதவைச் சாத்தி ஏற்றி, எத்தனை நிமிடத்தில் வாசல் வரை மணம் வருகிறது என்று பாருங்கள். பிறகு ஃபேனைப் போட்டுப் பாருங்கள். நம் வீடுகளில் ஃபேன் ஓடாத நேரம் குறைவு. அதன் கீழே மணம் கலைந்துபோகும், சுடர் அலைபாயும். வாங்கியவர் ‘வாசனையே இல்லை’ என்று ஒற்றை நட்சத்திரம் போட இதுவும் ஒரு காரணம். குறிப்பிலேயே சொல்லிவிட்டால் அந்தப் புகாருக்கு இடமில்லை.

எரியும் நேரத்துக்குத் தராசு போதும். ஏற்றுவதற்கு முன் எடை போடுங்கள். நான்கு மணி நேரம் எரிந்து, அணைத்து ஆறியதும் மறுபடி போடுங்கள். 22 கிராம் குறைந்திருந்தால் மணிக்கு ஐந்தரை கிராம். அடியில் சுமார் 20 கிராம் மிஞ்சும்போது நிறுத்திவிட வேண்டும், இல்லாவிட்டால் குவளை சூடேறி விரிசல் விடலாம். ஆக எரியக்கூடியது 160 கிராம். வகுத்தால் 29 மணி நேரம். திரியின் நீளமும் காற்றும் கணக்கை மாற்றும் என்பதால் ‘சுமார் 28 மணி நேரம்’ என்று சற்றுக் குறைத்தே எழுதுவது நல்லது. ‘50 மணி நேரம்’ என்று எழுதி 30-இல் தீர்ந்தால், மற்ற வரிகளையும் யாரும் நம்பமாட்டார்கள்.

இனி வாக்குறுதிகள். எரியும் எதுவும் காற்றில் நுண்துகள்களைச் சேர்க்கவே செய்யும். மெழுகுவத்தியில் குறைவு, ஊதுவத்தியிலும் சாம்பிராணியிலும் அதிகம். ஆகவே ‘காற்றைச் சுத்தப்படுத்தும்’ என்பது தலைகீழான பேச்சு. ‘கொசுவை விரட்டும்’ என்பது 1968-ஆம் ஆண்டின் பூச்சிக்கொல்லிச் சட்டத்தின் எல்லைக்குள் போகிறது. பதிவு இல்லாமல் அப்படி விற்கக் கூடாது. ரத்த அழுத்தம், நீரிழிவு போன்றவற்றைக் குணப்படுத்தும் என்று விளம்பரம் செய்வதை 1954-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று தடுக்கிறது. தவறான விளம்பரத்துக்கு 2019-ஆம் ஆண்டின் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி முதல் முறை 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் விதிக்க முடியும். சிறு வியாபாரி என்பது விலக்கு ஆகாது.

அப்படியானால் அமைதி, உறக்கம் பற்றிப் பேசவே கூடாதா? விளைவாகச் சொல்லாமல் வேளையாகச் சொல்லலாம். ‘உறக்கம் தரும்’ என்பதற்குப் பதில் ‘வேலை முடிந்து உட்காரும் மாலைக்கு ஏற்ற அடங்கிய மணம்’ என்றால், வாங்குபவர் தன் மாலையைத் தானே நினைத்துக்கொள்வார். குளிர்ச்சி விஷயத்திலும் இந்தக் கோடு மெல்லியது. வெட்டிவேர் ஊதுவத்திக்கு ‘நனைந்த வேரும் ஈர மண்ணும் கலந்த குளிர்ந்த வாசனை’ என்பது வருணனை. ‘உடல் சூட்டைத் தணிக்கும்’ என்பது மருத்துவம். ஊதுவத்தி என்றால் இன்னொன்றும் சேர்க்க வேண்டும்: பெட்டியில் முகரும் மணம் வேறு, பற்றவைத்த பின் கரியும் புகையும் கலந்து வரும் மணம் வேறு. இரண்டையும் சொல்லுங்கள், புகை எவ்வளவு என்பதையும் சொல்லுங்கள்.

இத்தனையும் சேர்ந்தால் நம் குறிப்பு இப்படி ஆகும்:

‘மல்லிகை மணமுள்ள சோயா மெழுகுவத்தி, 180 கிராம். மூடியைத் திறந்ததும் மொட்டின் பச்சை வாடை. ஏற்றி அரை மணியில் மெல்லிய தித்திப்பும் சோப்பு போன்ற தூய்மையும். இரவு மல்லியின் கனம் இதில் இல்லை. பத்துக்குப் பத்து அறைக்குப் போதும். ஃபேனுக்கு நேர் கீழே மணம் குறையும். அணைத்த பிறகு லேசாகத் தங்கும். சுமார் 28 மணி நேரம் எரியும். கலவை வாசனை எண்ணெய் சேர்த்தது. எரியும்போது தனியே விட்டுச் செல்ல வேண்டாம்.’

இதில் ஒவ்வொரு வரியையும் வாங்கியவர் வீட்டில் சரிபார்க்க முடியும். விற்பவர்களே, உங்கள் பக்கத்தை இன்று திறந்து வாக்கியங்களின் கடைசிச் சொற்களை மட்டும் ஒருமுறை படியுங்கள். உங்கள் மூக்கும் தராசும் சாட்சி சொல்லாத வரியை அழித்துவிடுங்கள்.