வராதவர் பெயரில் எழுதிய வேலை

குடியிருப்போர் சங்கக் கூட்டத்துக்குப் பொருளாளர் வரவில்லை. லிஃப்ட் பராமரிப்பு ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் பொறுப்பை அவர் பெயரில் எழுதிவிட்டுக் கலைகிறார்கள். அவருக்கோ அது தெரியாது. ஒப்பந்தம் காலாவதியான பிறகுதான் விஷயம் வெளிவரும்.

கூட்டக் குறிப்பில் அவர் பெயருக்கு எதிரே ‘வரவில்லை, சம்மதம் கேட்க வேண்டும்’ என்று எழுதுங்கள். கேட்கப்போவது யார் என்பதும் அதே வரியில் இருக்கட்டும். அன்றிரவே தொலைபேசியில் பேசிவிடுவது நல்லது. வாட்ஸ்அப்பில் நீல டிக் விழுந்தால் படித்துவிட்டார் என்றுதான் பொருள், ஏற்றுக்கொண்டார் என்றல்ல. “20ஆம் தேதிக்குள் முடியாது, 25க்குள் முடிக்கிறேன், பழைய ஒப்பந்த நகல் வேண்டும்” என்று அவர் சொன்னால், அதுதான் உண்மையான சம்மதம். தேதியைத் திருத்தி, அவர் சம்மதித்த நாளையும் குறியுங்கள். மறுத்தாலோ, இரண்டு நாளில் பதில் வராவிட்டாலோ, வேலை தலைவர் பெயருக்குத் திரும்ப வேண்டும்.