பாஸ்போர்ட் விவரம் கசிந்தது. ‘பாஸ்வேர்டை மாற்றுங்கள்’ என்றது கடிதம்: தகவல் கசிவு அறிவிப்பு எப்படி இருக்க வேண்டும்?

2021 மே மாதம், கரோனா இரண்டாம் அலையில் நாடே திணறிக்கொண்டிருந்த நேரம். ஏர் இந்தியாவில் எப்போதோ பறந்த பயணிகளுக்கு ஒரு மின்னஞ்சல் வந்தது. விமான நிறுவனத்துக்காகப் பயணிகளின் விவரங்களைச் சேமித்து வைக்கும் ‘சிட்டா’ என்ற வெளிநாட்டு நிறுவனத்தின் சர்வர்களில் சைபர் தாக்குதல் நடந்துவிட்டது, உலகம் முழுவதும் சுமார் 45 லட்சம் பேரின் தகவல்கள் பாதிக்கப்பட்டுள்ளன என்றது அந்தக் கடிதம்.

நம்மூர் நிறுவனங்களின் வழக்கத்தோடு ஒப்பிட்டால் அது மோசமான கடிதம் அல்ல. ‘சில தகவல்கள்’ என்று மழுப்பவில்லை. 2011 ஆகஸ்ட் 26 முதல் 2021 பிப்ரவரி 3 வரை பதிவான தகவல்கள் என்று தேதியோடு சொன்னது. பெயர், பிறந்த தேதி, தொடர்பு விவரம், பாஸ்போர்ட் விவரம், டிக்கெட் விவரம், கிரெடிட் கார்டு தகவல் என்று பட்டியலும் போட்டது. கார்டின் பின்னால் இருக்கும் சிவிவி எண் அந்த சர்வர்களில் இல்லை, பாஸ்வேர்டு எதுவும் பாதிக்கப்படவில்லை என்றும் தெளிவுபடுத்தியது.

சரி, கடிதத்தைப் படித்த பயணி என்ன செய்ய வேண்டும்? அங்கேதான் சிக்கல். பயணிகளுக்குச் சொல்லப்பட்ட ஒரே அறிவுரை, தேவையான இடங்களில் பாஸ்வேர்டை மாற்றிக்கொள்ளுங்கள் என்பதுதான். அதாவது, கசியாத ஒன்றை மாற்றச் சொன்னார்கள். கசிந்த பாஸ்போர்ட் விவரத்துக்கும் கார்டு எண்ணுக்கும் என்ன செய்வது என்று ஒரு வரிகூட இல்லை.

கசிந்தது எதுவோ, அதற்கு ஏற்ற ஆபத்து

பாஸ்போர்ட் எண்ணை மட்டும் வைத்துக்கொண்டு யாரும் உங்கள் பெயரில் விமானம் ஏறிவிட முடியாது. புது பாஸ்போர்ட் எடுக்க உடனே ஓட வேண்டியதும் இல்லை. ஆபத்து வேறு வழியில் வரும். ‘உங்க பேர்ல வந்த பார்சல்ல போதைப்பொருள் இருக்கு’ என்று ஒருவர் போனில் மிரட்டுகிறார் என்று வைத்துக்கொள்வோம். சாதாரணமாக நாம் கட் செய்துவிடுவோம். அதே ஆள் உங்கள் பாஸ்போர்ட் எண்ணையும் பிறந்த தேதியையும் சரியாகப் படித்துக்காட்டினால்? ‘இவ்வளவு தெரிஞ்சிருக்கே, நிஜ அதிகாரிதான் போல’ என்று எவருக்கும் ஒரு நொடி தோன்றும். மோசடிக்காரருக்கு அந்த ஒரு நொடி போதும்.

2021-ல் இன்னொரு ஆபத்தும் இருந்தது. கரோனாவால் ரத்தான டிக்கெட்டுகளுக்கு ரீஃபண்ட் எதிர்பார்த்து ஏராளமானோர் காத்திருந்தார்கள். டிக்கெட் விவரமும் செல்போன் எண்ணும் கையில் இருக்கும் ஒருவர் ‘ரீஃபண்ட் அனுப்பணும், ஓடிபி சொல்லுங்க’ என்று கேட்பது எவ்வளவு எளிது! ‘நாங்கள் போனில் ஓடிபி கேட்க மாட்டோம், உங்கள் பயண விவரத்தைச் சரியாகச் சொன்னாலும் அந்த அழைப்பை நம்பாதீர்கள்’ என்று கடிதத்தில் இரண்டு வரி இருந்திருந்தால் பயணிகளுக்குப் பெரிய உதவியாக இருந்திருக்கும்.

கார்டு விஷயமும் இப்படித்தான். சிவிவி இல்லை என்றதும் நிம்மதியாக இருந்துவிட முடியாது. உள்நாட்டு ஆன்லைன் பரிவர்த்தனைக்குப் பொதுவாக ஓடிபி கேட்பார்கள். சில வெளிநாட்டு இணையதளங்களில் ஓடிபியும் கிடையாது, சிவிவியும் கேட்பதில்லை. கார்டு எண்ணும் காலாவதி தேதியும் இருந்தாலே வேலை முடிந்துவிடும். அதற்கான தடுப்பு வழி நம் கையிலேயே இருக்கிறது. ஒவ்வொரு கார்டிலும் வெளிநாட்டுப் பரிவர்த்தனையைத் தனியாக நிறுத்திவைக்கும் வசதியை 2020 மார்ச் 16 முதல் வங்கிகள் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி உத்தரவிட்டிருக்கிறது. வங்கி ஆப்பில் அந்த ஸ்விட்சை அணைப்பது சில நிமிட வேலை. அதன்பின் பழைய கார்டை பிளாக் செய்து புதியது கேட்கலாம். தெரியாத பற்று ஏதாவது வந்தால், வங்கியின் தகவல் கிடைத்த 3 வேலை நாட்களுக்குள் புகார் கொடுக்க வேண்டும். மூன்றாம் தரப்பில் நடந்த கசிவால் பணம் போயிருந்தால் வாடிக்கையாளருக்குப் பொறுப்பில்லை என்று 2017-ல் வெளியான ரிசர்வ் வங்கி சுற்றறிக்கை சொல்கிறது. அந்த 3 நாள் கணக்கு தெரியாமல் பணத்தை இழந்தால் அது எவ்வளவு பெரிய கொடுமை!

இந்தக் கடிதத்தில் கவனிக்க வேண்டிய வாக்கியம் இன்னொன்றும் உண்டு. ‘சர்வர்களைப் பாதுகாத்த பிறகு அசாதாரண நடவடிக்கை எதுவும் காணப்படவில்லை’ என்றது அது. கேட்க ஆறுதலாகத்தான் இருக்கிறது. ஆனால் பூட்டுப் போட்ட பிறகு திருடன் வரவில்லை என்பதுதான் இதன் அர்த்தம். பூட்டுவதற்கு முன் எடுத்துப்போனதை அவன் என்ன செய்தான் என்பதற்கு இதில் பதில் இல்லை. ‘தவறாகப் பயன்படுத்தியதற்கு ஆதாரம் இல்லை’ என்று மற்ற நிறுவனங்கள் எழுதுவதும் இதே ரகம். தேடிப் பார்த்து இல்லையா, தேடுவதற்கான சர்வர் பதிவுகளே இல்லையா? எதைத் தேடினோம், எந்தத் தேதி வரை தேடினோம் என்று சேர்த்து எழுதினால்தான் அது நேர்மையான வாக்கியம்.

தாமதம் யாருடையது?

சிட்டாவிடமிருந்து முதல் தகவல் வந்தது பிப்ரவரி 25-ல். மார்ச் 19-ல் ஏர் இந்தியா தன் இணையதளத்தில் பொதுவாக ஓர் அறிவிப்பு போட்டது. பாதிக்கப்பட்டவர்கள் யார் யார் என்ற விவரம் மார்ச் 25, ஏப்ரல் 5 ஆகிய தேதிகளில்தான் தங்களுக்குக் கிடைத்ததாகக் கடிதம் விளக்கியது. தாமதத்தை மறைக்காமல் தேதிகளை வெளியிட்டதைப் பாராட்டலாம். ஆனாலும் ஏப்ரல் 5-க்குப் பிறகு ஒரு மாதத்துக்கும் மேல் என்ன நடந்தது என்பதற்கு அதில் விளக்கம் இல்லை.

அதே சிட்டா தாக்குதல் பற்றி சிங்கப்பூர் ஏர்லைன்ஸ் தன் வாடிக்கையாளர்களிடம் சொன்னது மார்ச் தொடக்கத்திலேயே. சுமார் 5.8 லட்சம் உறுப்பினர்களின் உறுப்பினர் எண், அந்தஸ்து, சிலருக்குப் பெயர் மட்டும் கசிந்தது. பாஸ்போர்ட், கார்டு, பாஸ்வேர்டு எதுவும் இல்லை என்றது. கசிந்தது குறைவு என்பதால் அவர்கள் வேலை சுலபம் என்பதும் உண்மைதான்.

சட்டம் என்ன சொல்கிறது?

இந்தியாவில் அப்போது பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் இன்னின்ன விவரத்தைச் சொல்லியே ஆக வேண்டும் என்று தனிநபர் தகவல் பாதுகாப்புச் சட்டம் எதுவும் இல்லை. 2023-ல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதற்கான விதிகள் 2025 நவம்பரில் வெளியாயின. கசிவு தெரிந்ததும் தாமதமின்றி, எளிய மொழியில், பாதிக்கப்பட்ட ஒவ்வொருவருக்கும் நிறுவனம் தெரிவிக்க வேண்டும். என்ன, எப்போது, எவ்வளவு கசிந்தது. அதனால் அந்த நபருக்கு என்ன பாதிப்பு வரலாம். நிறுவனம் என்ன செய்கிறது. அவர் என்ன செய்து தன்னைக் காத்துக்கொள்ளலாம். கேள்வி இருந்தால் யாரை அழைப்பது. தரவுப் பாதுகாப்பு வாரியத்துக்கு 72 மணி நேரத்துக்குள் விரிவான அறிக்கையும் தர வேண்டும். தெரிவிக்கத் தவறினால் ரூ.200 கோடி வரை அபராதம். இந்தப் பிரிவுகளுக்குத் தயாராக, விதிகள் வெளியானபோது நிறுவனங்களுக்கு 18 மாத அவகாசம் கொடுக்கப்பட்டது.

இந்தப் பட்டியலை வைத்து ஏர் இந்தியா கடிதத்தைத் திருப்பிப் படித்தால், ‘என்ன கசிந்தது’ என்பதில் தேர்ச்சி. ‘அந்த நபருக்கு என்ன பாதிப்பு’ என்ற இடம் காலி.

இனி இப்படி ஒரு கடிதம் உங்களுக்கு வந்தால், முதலில் அதிலுள்ள லிங்க்கைத் தொடாதீர்கள். கசிவுச் செய்தி வெளியானதும் அதே நிறுவனத்தின் பெயரில் போலிக் கடிதங்களும் கிளம்பிவிடும். நிறுவனத்தின் இணையதள முகவரியை நீங்களே டைப் செய்து, அங்கே அதே அறிவிப்பு இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ‘கசிந்தவை’ பட்டியலை எடுத்துக்கொண்டு ஒவ்வொன்றுக்கும் என்ன செய்யச் சொல்கிறார்கள் என்று தேடுங்கள். பதில் இல்லாத வரி இருந்தால் கடிதத்தில் உள்ள எண்ணை, அதையும் இணையதளத்தில் சரிபார்த்துவிட்டு, அழைத்துக் கேளுங்கள். பணம் போய்விட்டது என்றால் 1930 என்ற எண்ணுக்கும் வங்கிக்கும் உடனே சொல்ல வேண்டும்.