ரெண்டே இட்லியோட எழுந்துட்டாங்க

கோயம்புத்தூரில் சாய்த்து ஊற்றும் வகை டேபிள்டாப் கிரைண்டர் தயாரிக்கும் ஒரு சிறு நிறுவனம் என்று வைத்துக்கொள்வோம். விளம்பரத்துக்கு விஷயம் தேடி, மூன்று மாதத்துக்கு முன் கிரைண்டர் வாங்கிய ஒரு பெண்மணியிடம் போனில் பேசுகிறார்கள். "கிரைண்டர் எப்படி இருக்கு மேடம்?" என்று கேட்டால் "நல்லாருக்கு" என்ற மரியாதைப் பதில்தான் வரும். அதை வைத்து ஒரு வரிகூட எழுத முடியாது. வாங்கிய நாளை நோக்கிப் பின்னால் போக வேண்டும். கிரைண்டர் வேண்டும் என்று முதலில் எப்போது தோன்றியது? அந்த வாரம் வீட்டில் என்ன நடந்தது? அதுவரை எப்படிச் சமாளித்தீர்கள்? ஏன் உடனே வாங்கவில்லை?

அமெரிக்கரான பாப் மொயெஸ்டா இப்படிப்பட்ட பேட்டிகளில் நான்கு விசைகளைத் தேடச் சொல்கிறார். பழைய நிலையிலிருந்து தள்ளியது எது, புதியதில் இழுத்தது எது, தயங்க வைத்த பயம் எது, விடாமல் பிடித்திருந்த பழக்கம் எது. நம் பெண்மணி அரை மணி நேரம் பேசியதில் கிடைத்தவை இவை:

"பாக்கெட் மாவுதான் வாங்குவோம். ரெண்டாம் நாளே புளிச்சுடும், பாதி கீழேதான் போகும். ஒரு நாள் மாமியார் வந்திருந்தாங்க. ஒண்ணும் சொல்லலை, ரெண்டே இட்லியோட எழுந்துட்டாங்க."

"வடைக்கு மட்டும் மிக்ஸியில அரைப்பேன். மாவு சூடாயிடும், வடை கெட்டியா வரும்."

"ரெண்டு வருஷமா வாங்கணும்னுதான் இருந்தேன். அம்மா வீட்டு கிரைண்டர் ஞாபகம் வந்தா, அந்தக் கல்லைத் தூக்கிக் கழுவுற வேலை எனக்கு வேண்டாம்னு விட்டுடுவேன்."

இங்கேதான் பலரும் சறுக்குகிறார்கள். புளித்த மாவுக்கு ஒரு விளம்பரம், கீழே கொட்டும் மாவுக்கு ஒன்று, மாமியாருக்கு ஒன்று என்று எழுதிவிட்டு மூன்று கோணம் என்பார்கள். மூன்றுமே பாக்கெட் மாவு வாங்கும் ஒரே ஆளிடம் பேசுகின்றன. கோணம் ஒன்றுதான், ஹூக் மட்டும் மூன்று. தனித்தனிக் கோணமா என்று பார்க்க எளிய வழி, முதல் வரிகளை இடம் மாற்றிப் போடுவது. மாற்றிய பிறகும் விளம்பரம் ஒட்டி நின்றால் கோணம் பிரியவில்லை.

பாக்கெட் மாவு வாங்குபவருக்கான விளம்பரத்தில் அந்தப் புளிப்பை விட மாமியாரின் மௌனமே என் தேர்வு. "ஒண்ணும் சொல்லலை. ரெண்டே இட்லியோட எழுந்துட்டாங்க." இது எழுத்தாளர் மேசையில் உட்கார்ந்து யோசித்து வருகிற வரி இல்லை. ஹூக்குக்குப் பின்னால் வர வேண்டியது மோட்டாரின் குதிரைத்திறன் இல்லை. வீட்டில் அரைத்துப் பொங்கிய மாவும், தட்டில் இருக்கும் இட்லியும் வர வேண்டும்.

இரண்டாமவர் மிக்ஸியே போதும் என்றிருப்பவர். அவரிடம் மாமியார் கதை செல்லாது, அவர் வீட்டில் பாக்கெட் மாவே இல்லை. "உளுந்து ஊறினது சரி. உப்பு சரி. அப்புறம் ஏன் வடை கெட்டியா வருது?" என்று தொடங்கலாம். மிக்ஸி பிளேடு வேகமாகச் சுற்றுவதால் மாவு சூடேறுகிறது. கல் மெதுவாக அரைப்பதால் சூடு குறைவு, உளுந்தில் காற்று ஏறி மாவு பூரிக்கிறது. ஆகவே இந்த விளம்பரத்துக்குச் சான்று செய்முறைதான். இரண்டு மாவையும் துளித்துளியாகத் தண்ணீரில் போட்டுக் காட்டினால் போதும், நன்றாகப் பூரித்தது மிதக்கும்.

மூன்றாமவருக்கு கிரைண்டரின் அருமையை யாரும் சொல்ல வேண்டியதில்லை. அவரைத் தடுப்பது கல். "கிரைண்டர் வேணும். ஆனா அந்தக் கல்லை யார் தூக்குறது?" என்று அவர் மனதில் இருப்பதையே முதல் வரியாக்கிவிட்டு, அடுத்த நொடியே டிரம்மைச் சாய்த்து மாவை ஊற்றுவதைக் காட்ட வேண்டும். கழுவுவதையும் வெட்டாமல் காட்ட வேண்டும். கழுவக் கல்லை வெளியே எடுக்க வேண்டிய மாடல் என்றால் இந்தக் கோணத்தைத் தொடாமலிருப்பது நல்லது, வாங்கியவர் முதல் வாரமே திருப்பி அனுப்புவார்.

மூன்றையும் ஒரே நாட்களில், ஒரே தொகை செலவழித்து ஓட விட்டால்தான் ஒப்பிட முடியும். யாருமே நின்று பார்க்கவில்லை என்றால் முதலில் ஹூக்கை மாற்றிப் பார்க்கலாம், கோணத்தைத் தூக்கிப் போட அவசரம் வேண்டாம். நின்று பார்க்கிறார்கள், வாங்கவில்லை என்றால் ஹூக் கிளப்பிய கேள்விக்கு விளம்பரம் பதில் சொல்லவில்லை, அல்லது விலை இடிக்கிறது. ஒன்றில் நான்கு விற்பனை, இன்னொன்றில் ஆறு என்பதை வைத்து வெற்றி தோல்வி சொல்லக் கூடாது. அந்த வித்தியாசம் தற்செயலாகவே வரும்.

பேசியது ஒரே ஒரு ஆள் என்பதையும் கணக்கில் வைக்க வேண்டும். மிக்ஸி வடைக் கவலை அவர் ஒருவருடையதாகவே இருக்கலாம். இன்னும் நாலைந்து பேரிடம் பேசினால் யாராவது வடையைத் தாமாக எடுக்கிறார்களா என்று தெரிந்துவிடும். நாம் எடுத்துக் கொடுத்து ஆமாம் போட வைத்தால் அது கணக்கில் சேராது. அவருடைய சொற்களை அப்படியே போடுவதாக இருந்தால் முன்கூட்டியே அனுமதி கேட்க வேண்டும். மாமியார் வரியை எழுத்தில் காட்டி, சரி என்று வாங்கிக்கொள்வது எல்லோருக்கும் நல்லது, அந்த விளம்பரத்தை மாமியாரும் பார்ப்பார்.