வீடியோ ஏன் துள்ளித் துள்ளி ஓடுகிறது?

நண்பகல் வெயிலில் போனில் எடுத்த வீடியோவைப் பெரிய டிவியில் போட்டுப் பார்த்தால் ஒரு குறை தெரியவரும். சாலையில் போகும் சைக்கிள் சீராகப் போகாது. துள்ளித் துள்ளிப் போவதுபோல இருக்கும். படம் மங்கலாக இருப்பதில்லை. பார்க்கப்போனால், சக்கரத்தின் ஒவ்வொரு கம்பியும் எண்ணும்படி தெளிவாக இருக்கும். கோளாறே அந்தத் தெளிவில்தான் இருக்கிறது.

சைக்கிள் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். அதாவது நொடிக்கு ஏறத்தாழ 4 மீட்டர். கேமரா நொடிக்கு 25 படங்கள் எடுத்தால், ஒரு படத்துக்கும் அடுத்த படத்துக்கும் இடையில் சைக்கிள் 16 சென்டிமீட்டர் நகர்ந்துவிடுகிறது. அந்த 16 சென்டிமீட்டரில் எவ்வளவு தூரம் படத்தில் பதிகிறது என்பதை ஷட்டர் ஸ்பீடு முடிவு செய்கிறது. ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் 8 சென்டிமீட்டர் நகர்வு லேசான இழுவையாகப் பதியும். மோஷன் பிளர் என்பது இந்த இழுவைதான். ஒரு படத்தின் இழுவையிலிருந்து அடுத்த படத்தின் இழுவைக்குக் கண் தடங்கலில்லாமல் தாவிவிடும். அதே ஷட்டர் 1/4000 நொடி மட்டுமே திறந்திருந்தால் பதிவது ஒரு மில்லிமீட்டர். கத்தியால் நறுக்கியதுபோன்ற தெளிவான படம், பிறகு 16 சென்டிமீட்டர் வெற்றிடம், மறுபடி தெளிவான படம். துள்ளல் இப்படித்தான் உண்டாகிறது. வெயிலில் ஆட்டோவில் விட்ட போன் ஷட்டரை இந்த அளவுக்குக் கொண்டுபோவது வழக்கம்.

முதலில் தீர்மானிக்க வேண்டியது ஃபிரேம் ரேட், அதாவது நொடிக்கு எத்தனை படங்கள் என்பது. சினிமாவுக்கு 24 என்பது பேசும்படம் வந்த காலத்திலிருந்து நிலைத்துவிட்ட கணக்கு. தொலைக்காட்சி அந்தந்த நாட்டு மின்சாரத்தை ஒட்டி வளர்ந்தது. மின்சாரம் 60 ஹெர்ட்ஸில் வரும் அமெரிக்காவில் 30. 50 ஹெர்ட்ஸில் வரும் இந்தியாவிலும் இலங்கையிலும் 25. ஆனால் கடையில் வாங்கும் போன் பெரும்பாலும் 30-இல்தான் வைக்கப்பட்டிருக்கும். ஐபோனில் 25 வேண்டுமென்றால் Settings-இல் Camera, Record Video பகுதிக்குப் போய் Show PAL Formats என்பதை இயக்க வேண்டும். அதுவரை 25 என்ற தெரிவு கண்ணிலேயே படாது. அங்கேயே Auto FPS என்று ஒன்று இருக்கும். வெளிச்சம் குறைந்தால் ஃபிரேம் ரேட்டைத் தானாகக் குறைத்துவிடும் வேலை அதனுடையது. அதை அணைத்துவைப்பதே நல்லது.

எந்த எண்ணைத் தேர்ந்தாலும், ஒரு நிகழ்ச்சி முழுவதற்கும் எல்லாக் கேமராவிலும் அதே எண் இருக்க வேண்டும். ஒரு கேமரா 30-இலும் இன்னொன்று 25-இலும் எடுத்ததை எடிட்டிங்கில் 25-ஆகச் சேர்த்தால், 30-இல் எடுத்ததில் ஆறு படத்துக்கு ஒரு படம் விழுந்துவிடும். நொடிக்கு ஐந்து முறை சின்னச் சின்ன விக்கல். எடுக்கும்போது எல்லாமே சரியாக இருந்திருக்கும். பிறகு இந்த விக்கல் எங்கிருந்து வந்தது என்றே புரியாது. ஸ்லோ மோஷன் மட்டும் இதற்கு விலக்கு. 50-இல் எடுத்ததை 25-இல் ஓட்டினால் ஒரு படமும் வீணாகாமல் வேகம் சரிபாதியாகும்.

ஃபிரேம் ரேட் முடிவானதும் ஷட்டர் ஸ்பீடும் ஏறக்குறைய முடிவாகிவிடுகிறது. ஃபிலிம் கேமராக்களில் லென்ஸுக்குப் பின்னால் ஒரு வட்டத் தகடு சுழலும். அதில் பாதி வட்டம், அதாவது 180 டிகிரி, வெட்டிவிடப்பட்டிருக்கும். ஆகவே ஒவ்வொரு படத்துக்கும் உரிய நேரத்தில் பாதி நேரமே ஃபிலிம்மீது வெளிச்சம் விழும். நூறு ஆண்டு சினிமாவில் கண் பழகிப்போனது இந்த அளவு இழுவைக்குத்தான். டிஜிட்டல் கேமராவில் தகடு இல்லை, கணக்கு அப்படியே இருக்கிறது: ஃபிரேம் ரேட்டை இரட்டிப்பாக்கினால் ஷட்டர் ஸ்பீடு கிடைக்கும். 25-க்கு 1/50, 30-க்கு 1/60, 50-க்கு 1/100. சினிமாவின் 24-க்கு 1/48 வரும். பல கேமராக்களில் அது இருக்காது, 1/50 போதும்.

இதை மீறக் கூடாது என்றில்லை. 1998-இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரயன்’ படத்தின் போர்க் காட்சிகளில் ஒளிப்பதிவாளர் யானுஷ் கமின்ஸ்கி ஷட்டரை 90 டிகிரிக்கும் 45 டிகிரிக்கும் குறைத்தார். மண்ணும் கல்லும் தெறிப்பது துண்டு துண்டாகத் தெரிந்து மனம் பதறுகிறது. அங்கே துள்ளல் வேண்டுமென்றே வரவழைக்கப்பட்டது. கல்யாண ஊர்வலத்திலும் குழந்தையின் நடையிலும் அந்தப் பதற்றத்துக்கு வேலையில்லை.

50 ஹெர்ட்ஸ் மின்சாரம் உள்ள ஊர்களில் 25-ஐயும் 1/50-ஐயும் பரிந்துரைக்க இன்னொரு வலுவான காரணம் உண்டு. சோக் போட்ட பழைய டியூப் லைட்டும், மலிவான எல்இடி பல்புகள் பலவும் நொடிக்கு 100 முறை பிரகாசமாகி மங்குகின்றன. கண்ணுக்குத் தெரியாத இந்தத் துடிப்பு கேமராவுக்குத் தெரியும். ஷட்டர் 1/50 நொடி திறந்திருந்தால் முழுசாக இரண்டு துடிப்புகள் உள்ளே வரும். 1/100 என்றால் ஒன்று. எல்லாப் படத்திலும் வெளிச்சம் ஒரே அளவு. 1/60 என்று வைத்தால் ஒரு முழுத் துடிப்பும் இன்னொன்றின் ஒரு பகுதியும் விழும். அந்தப் பகுதி படத்துக்குப் படம் மாறும். சென்சார் வரிவரியாகப் படிப்பதால், இருண்ட பட்டைகள் திரையில் மேலோ கீழோ ஊர்ந்துகொண்டிருக்கும். வெள்ளைச் சுவரைக் காட்டிப் பார்த்தால் இது பளிச்சென்று தெரியும். பதிவான பிறகு நீக்குவது மிகக் கடினம். போனில் 25 இல்லை, 30 மட்டுமே இருக்கிறது என்றால் மேனுவல் முறையில் ஷட்டரை 1/60-க்குப் பதில் 1/50 வைக்கலாம். இழுவை கொஞ்சம் கூடும், பட்டைகள் போய்விடும். மேடையில் வைக்கும் எல்இடி திரைகளுக்கும் டிம்மர் போட்ட சில விளக்குகளுக்கும் இந்தக் கணக்குச் செல்லாது. அவற்றின் துடிப்பு மின்சாரத்தைப் பின்பற்றுவதில்லை. ஷட்டரைச் சிறிது சிறிதாக நகர்த்தி, பட்டை மறையும் இடத்தைத் தேடிப் பிடிக்க வேண்டும்.

எக்ஸ்போஷர், அதாவது படத்துக்குக் கிடைக்கும் வெளிச்ச அளவு, மூன்றால் அமைகிறது: ஷட்டர், லென்ஸின் திறப்பான அப்பர்ச்சர், சென்சாரின் சமிக்ஞையைப் பெருக்கும் ஐஎஸ்ஓ. போட்டோ எடுப்பவருக்கு மூன்றும் கையில் இருக்கின்றன. வீடியோ எடுப்பவருக்கு ஷட்டர் ஏற்கெனவே பூட்டப்பட்டுவிட்டது. மீதி இரண்டை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும். வெயிலில்தான் இது முதல் சிக்கலாக எழுகிறது.

பள்ளி மைதானம், உச்சி வெயில், சைக்கிள் பந்தயம். முழு வெயிலில் ஐஎஸ்ஓ 100, ஷட்டர் 1/100 என்றால் அப்பர்ச்சர் f/16 என்பது ஒளிப்படக்காரர்களின் பழைய கணக்கு. வீடியோவுக்கு 1/50 வேண்டும், வெளிச்சம் இருமடங்காகும், ஆகவே அப்பர்ச்சரை f/22-க்குச் சுருக்க வேண்டும். அவ்வளவு சுருக்கினால் படத்தின் கூர்மை குறையும், சென்சாரில் படிந்த தூசு புள்ளியாகத் தெரியும், பின்னாலிருக்கும் வேலியும் ஜனங்களும் ஓட்டுபவருக்கு இணையாகத் தெளிந்து நிற்பார்கள். f/4-இல் எடுக்க வேண்டுமென்றால் f/22-இலிருந்து 16, 11, 8, 5.6, 4 என்று ஐந்து படிகள் திறக்க வேண்டும். ஒவ்வொரு படிக்கும் வெளிச்சம் இரட்டிக்கும். மொத்தம் 32 மடங்கு. அந்த 32 மடங்கைத் தடுக்க லென்ஸின் முன்னால் ஒரு கறுப்புக் கண்ணாடி போட வேண்டும். அதுதான் என்டி ஃபில்ட்டர். இந்தக் கணக்குக்கு ND32. சுழற்றிக் கருமையைக் கூட்டிக் குறைக்கும் வகையும் கிடைக்கிறது. வசதியானதுதான், ஆனால் கடைசிக் கருமை வரை திருகினால் அகலக் கோண லென்ஸில் பெருக்கல் குறிபோல ஒரு நிழல் படியும்.

போனில் அப்பர்ச்சர் பெரும்பாலும் மாறாது. f/1.8 திறப்பும் ஐஎஸ்ஓ 50-ம் உள்ள போன் அதே மைதானத்தில் ஷட்டரை ஏறத்தாழ 1/4000-க்குத் தள்ளித்தான் ஆக வேண்டும். வேறு வழி அதற்கு இல்லை. போனில் கவ்விக்கொள்ளும் ND64 ஃபில்ட்டர் போட்டால் ஷட்டர் 1/60-ஐ ஒட்டி இறங்கிவரும். ஃபில்ட்டர் இல்லையென்றால் 50-இல் எடுப்பது அடுத்த நல்ல வழி. இழுவை கிடைக்காது, ஆனால் படங்களுக்கு இடையிலான வெற்றிடம் 16 சென்டிமீட்டரிலிருந்து 8-ஆகக் குறைவதால் துள்ளல் பெருமளவு அடங்கும்.

மாலையில் பரிசளிப்பு விழா அரங்குக்குள் நடக்கிறது. முதல் வேலை ஃபில்ட்டரைக் கழற்றுவது. ஷட்டர் அதே 1/50. அப்பர்ச்சரை f/2.8 போல லென்ஸ் அனுமதிக்கும் அளவுக்குத் திறந்து, மீதியை ஐஎஸ்ஓவால் ஈடுகட்ட வேண்டும். டியூப் லைட் போட்ட அரங்கில் அது 800-இலிருந்து 1600 வரை போகலாம். படத்தில் பொடிப்பொடியாகப் புள்ளிகள் தோன்றும். அதற்குப் பயந்து ஷட்டரை 1/25-க்கு இறக்குவது பெரிய தவறு: புள்ளிகளைப் பார்ப்பவர் மன்னிப்பார், கைதட்டும் கைகள் புகையாக மாறுவதை மன்னிக்க மாட்டார். எக்ஸ்போஷரைப் பூட்டியும் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வெள்ளை வேட்டி சட்டையில் ஒருவர் குறுக்கே போனதும் அரங்கமே இருண்டு, அவர் போனபின் மெதுவாக வெளுக்கும். அளவு சரியா என்று பார்க்கத் திரையின் பிரகாசத்தை நம்பாமல் ஜீப்ரா கோடுகளை இயக்கலாம். 100 என்று வைத்தால், வெளுத்து விவரம் இழக்கும் இடங்களில் மட்டும் கோடு ஓடும். வேட்டியில் கோடு வந்தால் ஐஎஸ்ஓவைக் குறைக்க வேண்டும். விளக்கின்மீது வந்தால் விட்டுவிடலாம்.

எல்லாம் சரியாக வைத்தபிறகும் துள்ளல் வருவது இரண்டு இடங்களில். ஒன்று, கேமராவை வேகமாகப் பக்கவாட்டில் திருப்பும்போது. 25-இல் எடுக்கையில், திரையின் ஒரு ஓரத்தில் இருக்கும் தூண் மறு ஓரத்தை அடைய ஏழு நொடியாவது ஆகும்படி திருப்பினால் ஓட்டம் சீராக இருக்கும். ஓடும் ஆளைத் தொடர்ந்து திருப்பினால் இந்தக் கட்டுப்பாடு தேவையில்லை, ஏனென்றால் கண் ஆளின்மேல்தான் இருக்கும். மற்றொன்று, நடந்துகொண்டே எடுக்கும்போது. போனின் ஸ்டெபிலைசேஷன் ஆட்டத்தை ஓரளவு நீக்கிவிடும். ஆனால் 1/50-இல் காலடி அதிர்வு உண்டாக்கிய இழுவை படத்திலேயே பதிந்திருக்கும். விளைவு, அசையாமல் நிற்கும் கட்டடம் அடிக்கடி மங்கி மங்கித் தெளிவதுபோல நடுங்கும். கிம்பல் இருந்தால் 1/50-இலேயே எடுக்கலாம். கையில் பிடித்து நடப்பதானால் 1/100 வைப்பது மேல். டியூப் லைட்டின் துடிப்புக்கும் அது ஒத்துப்போகும்.