இரண்டு பக்கச் சாயம்: எண்ணிக்கை எங்கே தவறுகிறது?

போட்டித் தேர்வுகளில் அடிக்கடி வரும் கேள்வி இது. 5 செ.மீ. பக்கமுள்ள கனசதுரத்தின் எல்லா முகங்களுக்கும் சிவப்புச் சாயம் பூசி, 1 செ.மீ. துண்டுகளாக வெட்டுகிறோம். 125 துண்டுகளில், சரியாக இரண்டு முகங்களில் மட்டும் சாயம் உள்ளவை எத்தனை?

பலர் 60 என்கிறார்கள். விளிம்புகள் 12, விளிம்புக்கு 5 துண்டுகள் என்ற கணக்கு. ஆனால் விளிம்பின் இரு முனையிலும் இருப்பவை மூலைத் துண்டுகள். அவற்றில் மூன்று முகங்களில் சாயம் இருக்கும். அவற்றை நீக்கினால் விளிம்புக்கு 3, மொத்தம் 36. இன்னும் சிலர் ஒவ்வொரு முகமாகப் பார்த்து, ஓரத்தில் மூலை தவிர 12 துண்டுகள், ஆறு முகங்களுக்கு 72 என்பார்கள். ஒவ்வொரு துண்டும் இரண்டு முகங்களுக்குப் பொது என்பதால் அது இரட்டிப்பாகிவிடுகிறது.

சரிபார்க்க, எல்லா வகையையும் கூட்டுங்கள்: மூலைகள் 8, இரு முகம் 36, ஒரு முகம் 54, சாயமே படாதவை 27. மொத்தம் 125 வர வேண்டும்.

அடிப்பக்கத்தில் மட்டும் சாயம் பூசாமல் விட்டால்? சாயம் பூசிய இரு முகங்கள் சந்திக்கும் விளிம்புகள் எட்டுதான், ஆகவே 24 என்று எழுதத் தோன்றும். அடி மூலைகள் நான்கும் இப்போது இரு முகச் சாயத்தோடு நிற்கின்றன. விடை 28.